விரிசல் விட்ட தேங்காய், புளிச்ச வாடை, உள்ள பிங்க் கலர்: பாதியையாவது காப்பாத்தலாம்னு நெனச்சேன்

போன வாரம் ஒரு தேங்காய் என் கையில இருந்து நழுவி தரையில விழுந்துச்சு. சமையல் மேடை உயரம்தான், பெரிய உயரம் இல்ல. எடுத்துப் பாத்தேன், உடையல, தண்ணி ஒழுகல, குலுக்கினா உள்ள சத்தம் கேக்குது, சரி ஒண்ணும் ஆகலன்னு மறுபடி கூடையிலேயே மத்த ரெண்டு தேங்காயோட போட்டுட்டேன். இது ஞாயித்துக்கிழமை. வியாழக்கிழமை அதே தேங்காயை எடுக்கும்போதுதான் கவனிச்சேன், குடுமிக்குக் கீழ ஆரம்பிச்சு பாதி சுத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டுல ஏதோ காஞ்சு போன மாதிரி மங்கலா ஒரு தடம், அதுமேல ஏழெட்டு எறும்பு. எறும்பைப் பாத்ததுமே நான் புரிஞ்சிருக்கணும். தேங்காய் ஓட்டுமேல எறும்புக்கு என்ன வேலை, உள்ள இருக்கற இனிப்புத் தண்ணி கசிஞ்சா மட்டும்தான் அது வரும்.

பக்கத்துல இருந்த இன்னொரு தேங்காயை ஒரு கையில, இதை ஒரு கையில வெச்சுப் பாத்தேன். கிட்டத்தட்ட ஒரே சைஸ்தான், ஆனா இது நல்லாவே லேசு. நல்ல காயைக் குலுக்கினா கனமா களுக் களுக்னு ஆடுது, இதுல அடியில கொஞ்சூண்டு தண்ணி மட்டும் சலசலங்குது. இருந்தாலும் உடைச்சுத்தான் பாப்போமேன்னு ஒரு தட்டு தட்டினேன், புஸ்ஸுனு சோடா பாட்டில் திறக்கற மாதிரி சின்னதா ஒரு சத்தம். அப்பறம் வந்துச்சு பாருங்க வாடை, ரெண்டு நாள் வெளிய மறந்து வெச்ச மாவு புளிச்சுப் பொங்கினா எப்படி இருக்கும், அதுல கொஞ்சம் கள்ளு வாடையையும் சேத்தா எப்படி இருக்கும், அப்படி. தண்ணி கால் டம்ளர்கூட இல்ல, அதுவும் கழுநீர் மாதிரி கலங்கலா. ஒரு மூடியில விரிசல் வந்த இடத்துக்கு நேரா உள்பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு வெளிர் பிங்க், ரோஸ் பவுடரைத் தண்ணியில கரைச்சுத் தடவின மாதிரி. இன்னொரு மூடி? வெள்ளை வெளேர்னு இருக்கு. அங்கதான் எங்க வீட்டுல பேச்சே ஆரம்பிச்சுது.

"தண்ணிதானேம்மா புளிச்சிருக்கு, அதைக் கொட்டிட்டு நல்லா கழுவிடு, அந்த ரோஸ் ஆன எடத்தை மட்டும் செதுக்கிப் போட்டுட்டா மிச்சம் நல்லாத்தான் இருக்கும்"னாங்க அத்தை. "இல்ல அத்தை, போன தடவை நடந்தது ஞாபகம் இல்லையா"ன்னேன். "அது வேற காய், இது வேற காய். இந்த மூடியைப் பாரு, பால் மாதிரி இருக்கு."

போன தடவை நடந்ததைச் சொல்லிடறேன், ஏன்னா அதுல தப்பு முழுக்க என்னோடதுதான். ஒரு வருஷம் இருக்கும், இதே மாதிரி லேசா புளிச்ச வாடை வந்த ஒரு காய். அப்ப பிங்க் இல்ல, ஒரு ஓரத்துல மட்டும் கொழகொழன்னு இருந்துச்சு. நான் அந்த ஓரத்தை வெட்டி எறிஞ்சிட்டு மீதியை மூணு தடவை கழுவி, துருவி, நல்லா வறுத்து, அரைச்சு சமையல்ல சேத்துட்டேன். வறுக்கும்போது வாடை போயிருச்சு, அதுனால சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். சாப்பிடும்போது நாக்கோட அடியில லேசா சோப்பு மாதிரி ஒரு ருசி, தொண்டையில ஒரு காறல், யாரும் ஒண்ணும் சொல்லல. ராத்திரி என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வாந்தி, வயித்து வலி, மறுநாள் முழுக்கப் படுக்கைதான். அத்தை அன்னிக்கு விரதம், சாப்பிடல, அதான் அவங்களுக்கு அது பெருசா பதியல போல.

அதுக்கப்பறம்தான் இதைப் பத்தி உக்காந்து நெறைய படிச்சேன், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டேன். அதுல எனக்குப் புரிஞ்ச மொத விஷயம், முழுசா மூடியிருக்கற நல்ல தேங்காய்க்குள்ள பொதுவா கிருமி கிடையாது, ஓடுதான் அதுக்கு மூடி, சீல் எல்லாம். முடி மாதிரி ஒரு விரிசல் விழுந்தாலே அந்த சீல் போச்சு. காத்துல, நம்ம கையில, கூடையில இருக்கற ஈஸ்ட், பாக்டீரியா, பூசணம் எல்லாம் அது வழியா உள்ள போயிடும். உள்ள என்ன இருக்கு, சர்க்கரைத் தண்ணி, கொழுப்பு, ஈரம், ரூம் சூடு, இதைவிட நல்ல எடம் அதுங்களுக்கு எங்க கிடைக்கும். சர்க்கரையைத் தின்னு அமிலமும் ஆல்கஹாலும் கேஸும் விடுது, அதான் புளிச்ச வாடை, அதான் புஸ்ஸுனு சத்தம். அடுத்து கொழுப்பு ஒடைய ஆரம்பிக்கும், தேங்காய் கொழுப்பு ஒடைஞ்சா வர்ற அமிலத்துக்கு சோப்பு ருசி உண்டு. நான் அன்னிக்கு நாக்குல உணர்ந்தது அதுதான். வறுத்ததுல போனது வாடை மட்டும்தான்.

இப்ப அத்தையோட கேள்விக்கு வர்றேன், ஏன் செதுக்கிட்டு சாப்பிடக் கூடாது? இதுக்கு எனக்குக் கிடைச்ச பதில் ரொம்ப சிம்பிளானது, ஒரு ஸ்கேல் இருந்தா போதும். கேரட், முட்டைகோஸ் மாதிரி கெட்டியான பொருள்ல பூசணம் பிடிச்சா, அந்த எடத்தைச் சுத்தியும் அடியிலயும் குறைஞ்சது ஒரு இஞ்ச் தள்ளி வெட்டிட்டு மிச்சத்தை எடுத்துக்கலாம்னு உணவுப் பாதுகாப்புல சொல்றாங்க, ஈரமான மிருதுவான பொருளா இருந்தா மொத்தமா தூக்கிப் போடச் சொல்றாங்க. சரி, தேங்காயை கெட்டின்னே வெச்சுப்போம். அதோட பருப்பு எவ்வளவு கனம்? நான் அன்னிக்கு ஸ்கேலை வெச்சே பாத்தேன், அரை இஞ்சுக்குக் கொஞ்சம் கீழ. ஒரு இஞ்ச் ஆழத்துக்கு வெட்டணும்னா அந்த எடத்துல ஓடு வரைக்கும் போய் ஓட்டையும் தாண்டிரும். அடியில மிச்சம் வெக்க பருப்பே இல்ல. அதுவும் இல்லாம முத்தின தேங்காய்ப் பருப்புல கிட்டத்தட்ட பாதி தண்ணி, அப்ப அது கேரட் கணக்குல வருமா, ஈரமான பொருள் கணக்குல வருமான்னே ஒரு சந்தேகம்.

இதுக்கு மேல, விரிசல் விட்ட காயில கெட்டுப் போறது ஒரு எடத்துல ஆரம்பிச்சாலும் அந்த எடத்தோட நிக்காது, அந்தப் புளிச்ச தண்ணி நாலு நாளா உள்ள மொத்தத்தையும் கழுவிக்கிட்டேதான் கிடந்துச்சு. காயை ஒவ்வொரு தடவை எடுத்து வைக்கும்போதும் உருட்டும்போதும் அது எல்லா பக்கமும் போயிருக்கு. வெள்ளையா இருந்த மூடியும் அதே தண்ணியில குளிச்சதுதான், பிங்க் இன்னும் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு அங்க வளரல, அவ்வளவுதான் வித்தியாசம். நான் அந்த வெள்ளை மூடியில நகத்தை வெச்சு அழுத்திப் பாத்தேன். நல்ல காய்னா நகம் டக்குனு பதியாது, ஈரமா மொறுமொறுன்னு இருக்கும். இதுல விரல் வழுக்குச்சு, லேசா சோப்பு நுரை தொட்ட மாதிரி. டிஷ்யூ பேப்பரால தொடச்சுப் பாத்தா கலங்கலா ஒரு பசை ஒட்டுது. அதை அத்தைகிட்ட காட்டினேன், அவங்க விரலைத் தேச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

பிங்க் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா எல்லா பிங்கும் ஒண்ணு இல்ல. நெறைய பேர் நல்ல தேங்காயையும் பயந்து தூக்கிப் போடறாங்க, கெட்டதை "அது சும்மா கலர்தான்"னு சாப்பிடறாங்க, ரெண்டும் நடக்குது.

தேங்காயோட வெளிப்பக்கம், ஓட்டோட ஒட்டியிருக்கற அந்த ப்ரவுன் தோல் இருக்கே, அதை ஒட்டி வெட்டின முகத்துல ஒரு மெல்லிசான பழுப்பு, இளஞ்சிவப்பு கோடு மாதிரி தெரியும். சுத்தி எல்லா எடத்துலயும் ஒரே கனமா இருக்கும், தண்ணி இருந்த உள்பக்கம் வெள்ளையா இருக்கும். அது தோலோட சாயம், பிரச்சனை இல்ல. அதே மாதிரி இளசான காயை வெட்டி வெச்சா கொஞ்ச நேரத்துல தண்ணியும் சில சமயம் வழுக்கையும் லேசா ரோஸ் ஆகும். அது ஆப்பிளை வெட்டினா பழுப்பாகுதே அந்த மாதிரி, உள்ள இருக்கற என்சைம் காத்து பட்டு பண்ற வேலை, கிருமி இல்ல. ஆனா இது வெட்டினதுக்கு அப்பறம், நம்ம கண் முன்னாடி, சில மணி நேரத்துல நடக்கும், வாடையும் வழவழப்பும் இருக்காது.

நான் பாத்த பிங்க் இதுல எதுவுமே இல்ல. அது உடைக்கறதுக்கு முன்னாடியே உள்ள இருந்துச்சு, தண்ணி இருந்த உள்பக்கத்துல ஆரம்பிச்சிருந்துச்சு, விரிசலோட கோட்டைப் பிடிச்சே திட்டுத் திட்டா போச்சு, தொட்டா வழவழப்பு, கூட புளிப்பு வாடை. இந்த பிங்க் பெரும்பாலும் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ தன் உடம்புல வெச்சிருக்கற நிறம். பாத்ரூம் டைல்ஸ் சந்துல, பக்கெட் அடியில ஒரு பிங்க் வழவழப்பு வருமே, தேச்சா போயிட்டு நாலு நாள்ல திரும்ப வருமே, அது மாதிரியான கூட்டம்தான். அதை நக்கிப் பாக்க மாட்டோம்ல, தேங்காய்ல வந்தா மட்டும் ஏன் செதுக்கிட்டு அரைக்கணும்னு நான் கேட்டதுக்குத்தான் அத்தை மொத தடவையா முகத்தைச் சுளிச்சாங்க.

சரி, கிருமியைக் கொதிக்க வெச்சா செத்துப் போயிடுமேன்னு கேப்பீங்க, என் வீட்டுக்காரரும் அதான் கேட்டாரு. கிருமி சாகும். ஆனா அது ஏற்கனவே உள்ள விட்டு வெச்ச விஷம் எல்லாமே கொதியில போகும்னு கிடையாது. இதுக்கு தேங்காய்லயே ஒரு மோசமான உதாரணம் இருக்கு. இந்தோனேசியாவுல தேங்காய்ப் பால் பிழிஞ்ச சக்கையைப் புளிக்க வெச்சு பண்ற ஒரு பண்டம், டெம்பே போங்க்ரெக்னு பேரு. அதுல ஒரு பாக்டீரியா புகுந்துட்டா அது போங்க்ரெக்கிக் அமிலம்னு ஒரு விஷத்தை விடும். அதுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, சமைச்சாலும் அழியாது. நெறைய உயிர் போனதுக்கு அப்பறம் 1988ல அங்க அதைத் தடை பண்ணிட்டாங்க. என் தேங்காய்ல அந்த பாக்டீரியா இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல, வெள்ளையா இருக்கு, வேக வெச்சாச்சு, அதுனால சரிங்கற கணக்கு தேங்காய்ல எடுபடாதுன்னு சொல்றேன்.

இன்னொண்ணு படிச்சதுல இருந்து எனக்கு ருசி பாக்கற பழக்கமே போயிருச்சு. 2021ல டென்மார்க்ல 69 வயசு ஆள் ஒருத்தர், உரிச்சுச் செதுக்கி விக்கற தேங்காய் ஒண்ணை வாங்கி ஒரு மாசம் கிச்சன் மேசையிலேயே வெச்சிருந்திருக்காரு, ஃப்ரிட்ஜ்ல வெக்க வேண்டிய டைப் அது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாரு, ருசி கேவலமா இருந்ததால கொஞ்சம்தான் முழுங்கினாரு, திறந்து பாத்தா உள்ள வழவழன்னு அழுகிக் கிடந்துச்சு. சில மணி நேரத்துல வேர்வை, வாந்தி, அப்பறம் மனக்குழப்பம், ஆஸ்பத்திரியில சேத்து 26 மணி நேரத்துல மூளைச் சாவு. உள்ள வளந்த ஒரு பூசணம் விட்ட விஷம்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. இது ரொம்ப அபூர்வம், தெனமும் நடக்கறது இல்ல, கெட்ட தேங்காய் சாப்பிட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எங்களுக்கு வந்த மாதிரி வயித்தோட போயிடும். ஆனா "ஒரு துண்டு வாயில போட்டுப் பாரு, காறலா இருந்தா துப்பிடு"ங்கற வேலை வேண்டாம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். மூக்கும் விரலும் சொன்னதுக்கு மேல நாக்கு புதுசா ஒண்ணும் சொல்லப் போறது இல்ல. யாராவது தெரியாம சாப்பிட்டுட்டு வாந்தி நிக்கலைன்னா, அதுவும் பேச்சு குழறினா, தள்ளாடினா, கை கால் தன்னால இழுத்தா, வீட்டு வைத்தியம் பாக்காம உடனே ஆஸ்பத்திரி, மிச்சம் இருக்கற தேங்காயை ஒரு கவர்ல போட்டுக் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஆக அந்த வியாழக்கிழமை ரெண்டு மூடியும் குப்பைக்குத்தான் போச்சு. "சரி, சாப்பிட வேண்டாம், காய வெச்சு எண்ணெய் ஆட்டற காய்களோட சேத்துடலாம்ல"ன்னு அத்தை கடைசியா ஒண்ணு கேட்டாங்க. அதையும் வேண்டாம்னுட்டேன். பூசணம் பிடிச்ச கொப்பரையில அஃப்ளடாக்ஸின்னு ஒரு பூசண விஷம் வரலாம், பெரிய ஃபேக்டரியில சுத்திகரிக்கும்போது எண்ணெய்ல இருந்து அதைப் பெரும்பாலும் எடுத்துடுவாங்க, நம்ம ஆட்டற எண்ணெய்ல அது தங்கிடலாம், ஒரு கெட்ட மூடி நல்ல காய் அத்தனையையும் காறல் ஆக்கிடும். மாட்டுக்குப் போடலாம்னு யாராவது சொன்னாலும் அதே கதைதான், மாடு தின்னா அது பால்ல வரும். மக்க வெக்கற குழி இருந்தா மண்ணு நல்லா மூடி அதுல போடுங்க. வெட்டின கத்தி, பலகை, நான் நகம் வெச்சுப் பாத்த கை எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவினேன், கூடையை வெயில்ல காய வெச்சேன், ஏன்னா அந்தக் கசிஞ்ச தண்ணி அடியில ஒட்டிக் கிடந்துச்சு.

உண்மையில நான் தப்பு பண்ணினது வியாழக்கிழமை இல்ல, ஞாயித்துக்கிழமை. விழுந்த தேங்காயைக் கூடையில திரும்பப் போட்டதுதான். விழுந்த அன்னிக்கே உடைச்சிருந்தா ரெண்டு மூடியும் முழுசா கிடைச்சிருக்கும், ஓடு விரிஞ்ச நிமிஷத்துல உள்ள ஒண்ணும் கெட்டிருக்காது. இப்ப என் பழக்கம் என்னன்னா, காய் விழுந்தாலோ, வாங்கிட்டு வரும்போது பைக்குள்ள இடிச்சுச் சத்தம் கேட்டாலோ, ஓட்டைத் தண்ணியில நனைச்சு ஒரு துணியால தொடச்சிடுவேன். தொடச்சதும் மேல் ஈரம் சீக்கிரம் காஞ்சுடும், விரிசல் இருந்தா அது மட்டும் கருப்புக் கோடா ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா தெரியும். கோடு தெரிஞ்சா அன்னிக்கே உடைச்சு, தண்ணியை மோந்து பாத்து, துருவி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாலு நாள், அதுக்கு மேல தேவைன்னா சின்னச் சின்னப் பொட்டலமா ஃப்ரீசர்ல. மட்டை உரிச்ச காயை வெயில் படற ஜன்னல் ஓரத்துல வெச்சாலும் இதே மாதிரி தன்னால விரிசல் விடும், அது யார் கையிலயும் விழல, ஆனா எறும்பு வரும்.

உடைக்கும்போதும் இப்ப ஒரு ஒழுங்கு வந்துடுச்சு. மொதல்ல ஒரு கிண்ணத்துல தண்ணியைப் பிடிச்சு மோந்து பாக்கறேன், அப்பறம்தான் மூடியைத் திருப்பிப் பாக்கறேன், ஏன்னா மூடி வெள்ளையா இருக்கறதைக் கண்ணு பாத்துட்டா அதுக்கப்பறம் மூக்கு சொல்றதை மனசு ஒத்துக்க மாட்டேங்குது. தண்ணி தெளிவா இனிப்பு வாசனையோட இருந்தா மேல போகலாம். விரிசலும் இல்லாம வாடையும் இல்லாம தண்ணி மட்டும் கொறைஞ்சிருந்தா அது பழைய காய், பருப்பு கெட்டியா நல்லாவே இருக்கும், அதைத் தூக்கிப் போட வேண்டாம். முளை விட ஆரம்பிச்ச காய்ல கண்ணுக்குக் கீழ மஞ்சளா பஞ்சு மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கும், இனிப்பா இருக்கும், வாடை இல்லைன்னா அதுவும் சாப்பிடறதுதான். விரிசல், நாள் கணக்கு, புளிச்ச வாடை, வழவழப்பு, திட்டு பிங்க், இதுல விரிசலோட இன்னும் ஏதாவது ஒண்ணு சேந்தாலே நான் மூடியைப் பிரிச்சுப் பாக்கறதோ செதுக்கறதோ கிடையாது.

நல்ல காயா உடைச்சு ஒரு மூடி மிச்சம் ஆச்சுன்னா, கண் இருக்கற மூடியைத்தான் மொதல்ல எடுக்கறேன், அதுதான் சீக்கிரம் கெடும். இன்னொண்ணை உள் ஈரம் போகத் தொடச்சு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல. மேடையில ராத்திரி முழுக்கக் கவுத்து வெச்ச மூடிக்கு மன்னிப்பே இல்ல.

நேத்து அத்தை கூடையில இருந்து ஒரு காயை எடுத்து காதுகிட்ட வெச்சுக் குலுக்கிக்கிட்டு இருந்தாங்க. என்ன அத்தைன்னு கேட்டேன். "இது கீழ விழுந்ததாம்மா, இல்ல நல்லதா?"ன்னாங்க. விழலைன்னேன். இருந்தாலும் ஈரத் துணி எங்கன்னு கேட்டு வாங்கி ஒரு தடவை தொடச்சுப் பாத்துட்டுத்தான் உடைச்சாங்க.